பழைய கோர் 2 டுவோவில் லினக்ஸ்: சனி, ஞாயிறுக்குள் முடியுமா?

கணக்கு வாத்தியார் | 13 நவம்பர் 2025, வியாழன், இரவு 8.10

2010இல் வாங்கிய மேசைக்கணினி. இன்டெல் கோர் 2 டுவோ E7500, G41 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பாதித் தளங்கள் திறப்பதில்லை. பணி ஓய்வு பெற்றவனுக்குப் புதுக் கணினி வேண்டாம், லினக்ஸ் போட்டால் போதும் என்கிறான் பேரன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சனி, ஞாயிறு இங்கே இருப்பான்.

நிபந்தனை இரண்டு. D டிரைவில் பாமினி எழுத்துருவில் அடித்த கணக்கு வினாத்தாள்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன, அவற்றில் ஒன்றுகூடப் போகக்கூடாது. விண்டோஸையும் உடனே அழிக்கக்கூடாது. 32 பிட் போடுவதா, 64 பிட் போடுவதா என்பதும் தெரிய வேண்டும்.

பென்குயின் பக்தர் | 13 நவம்பர், இரவு 8.34

2 ஜிபி ராம்னா கண்ண மூடிட்டு 32 பிட் போடுங்க சார். 64 பிட் எல்லாம் 4 ஜிபிக்கு மேல இருக்கறவங்களுக்கு. பயாஸ்ல போய் சாட்டா மோடை IDEல இருந்து AHCIக்கு மாத்திடுங்க, டிஸ்க் பறக்கும். அதே ஹார்ட் டிஸ்க்ல C டிரைவைச் சுருக்கி 40 ஜிபி ஒதுக்கினா டூயல் பூட் ரெடி. அரை மணி நேர வேலை.

ரிச்சி தெரு | 13 நவம்பர், இரவு 9.20

பக்தர் சொன்னதில் பாதி சரி. 64 பிட் கொஞ்சம் கூடுதலாக ராம் தின்னும், உண்மை. ஆனால் இன்றைக்கு 32 பிட் என்று போனால் கடையில் சரக்கே இல்லை. லினக்ஸ் மின்ட்டின் வழக்கமான பதிப்பில் 32 பிட் வந்தது 19.3 வரைக்கும்தான், அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தது. டெபியன் 13இல் 32 பிட் நிறுவியே கிடையாது. E7500 முழு 64 பிட் சிப். ராம் எவ்வளவு என்று பார்த்து பிட்டைத் தேர்ந்தெடுக்கிற காலம் போய்விட்டது.

AHCI: G41 போர்டுகளில் பெரும்பாலும் ICH7 சிப் இருக்கும். அதில் அந்த வசதியே இல்லை. பயாஸில் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

மின்ட் 22.2, Xfce பதிப்பு எடுங்கள். குறைந்தபட்சம் 2 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள், 4 இருந்தால் நிம்மதி.

C டிரைவைச் சுருக்குவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினைந்து வயசு டிஸ்க், அதில்தான் சாருடைய வினாத்தாள்கள். பார்ட்டிஷன் நகரும்போது கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி போதும், 120 கிடைத்தாலும் சரி. கணினியை அணைத்து, பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றித் தனியாக விட்டுவிடுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி லினக்ஸ் போடுங்கள். நிறுவும்போது "Erase disk" என்பதையே துணிந்து தேர்ந்தெடுக்கலாம், அழிய வேறு எதுவும் மாட்டியிருக்காது. முடிந்த பிறகு பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினால் விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை ஒன்றுதான் இருக்கிறதா என்று இப்போதே திறந்து பாருங்கள். ஒன்றுதான் என்றால் நாலு பின் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது இல்லை என்று தெரிந்தால் அடுத்த வாரம்தான்.

அதற்கெல்லாம் முன்னால் D டிரைவை வெளி டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகலெடுங்கள்.

அரசு லேப்டாப் | 13 நவம்பர், இரவு 10.02

எனக்கும் இதே பிரச்சனை. பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இப்போ வைஃபை எடுக்க மாட்டேங்குது. மின்ட் போட்டா எடுக்குமா?

ரிச்சி தெரு | 13 நவம்பர், இரவு 10.15

இது "இதே பிரச்சனை" இல்லை தம்பி. `lspci -nn` ஓட்டி, அதில் Network என்று வரும் வரியைத் தனி இழையில் போடுங்கள்.

கணக்கு வாத்தியார் | 14 நவம்பர், வெள்ளி, மாலை 6.45

எஸ்எஸ்டியும் மாற்றும் கேபிளும் வந்துவிட்டன. D டிரைவ் நகல் முடிந்தது, மொத்தம் 11 ஜிபி. கோப்பு எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிட்டேன், சமமாக இருக்கிறது. பேரன் 4 ஜிபி ராம் ஒன்றும் சேர்த்து வாங்கி வருகிறானாம். டிடிஆர்3 என்று கேட்டு வாங்கினால் போதும்தானே?

பென்குயின் பக்தர் | 14 நவம்பர், மாலை 7.01

போதும் சார். டிடிஆர்3ன்னா டிடிஆர்3தான். நீளமானது மேசைக்கணினிக்கு, குட்டையானது லேப்டாப்புக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கு வாத்தியார் | 15 நவம்பர், சனி, காலை 10.25

(பேரன் எழுதுறேன், தாத்தா கண்ணாடி தேடுறாங்க.) ரெண்டு விஷயம். பென் டிரைவ் எழுத ரூஃபஸ் புதுசு இறக்கினேன், விண்டோஸ் 7ல தொறக்கவே மாட்டேங்குது. அப்புறம் புது 4 ஜிபி ராம் போட்டா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கருப்பு, நீளமா பீப் பீப்னு கத்துது. பழைய 2 ஜிபி போட்டா நல்லா வருது. ராம் டெட்டா?

ரிச்சி தெரு | 15 நவம்பர், காலை 10.50

ரூஃபஸ்: 4ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 8 வேண்டும். 3.22தான் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு. அதை இறக்கு தம்பி. எழுதும்போது பார்ட்டிஷன் வகை MBR என்று இருக்க வேண்டும். உங்கள் போர்டு பழைய பயாஸ், GPT என்று எழுதினால் கண்டுகொள்ளாமல் போகும். எழுதுவதற்கு முன் ஐஎஸ்ஓ முழுசாக இறங்கியதா என்று விண்டோஸிலேயே பார்க்கலாம்:

```
certutil -hashfile linuxmint-22.2-xfce-64bit.iso SHA256
```

வருகிற எண் மின்ட் தளத்தின் sha256sum.txt கோப்பில் இருப்பதோடு பொருந்த வேண்டும்.

ராம்: செத்திருக்காது. கையில் எடுத்து எத்தனை கறுப்பு சிப் இருக்கிறது என்று எண்ணிச் சொல். இரண்டு பக்கமும் பார்.

கணக்கு வாத்தியார் | 15 நவம்பர், காலை 10.58

ஒரு பக்கம் எட்டு. மறுபக்கம் ஒன்றும் இல்லை. இது தாத்தா.

ரிச்சி தெரு | 15 நவம்பர், காலை 11.20

நினைத்தேன். சார் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 4 ஜிகாபைட் என்றால் 32 ஜிகாபிட். எட்டு சிப்பில் அது அடங்க வேண்டுமென்றால் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட். G41 சிப்செட் சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் கையாளும். அதே 4 ஜிபி பதினாறு சிப்பில், பக்கத்துக்கு எட்டாக இருந்தால், 32ஐ 16ஆல் வகுத்தால் 2. அது ஓடும்.

இந்த வேறுபாடு அட்டையின் லேபிளில் பளிச்சென்று இருக்காது. கடையில் "பதினாறு சிப் டிடிஆர்3" என்று கேட்டால் பழைய ஆட்களுக்குப் புரியும். 2 ஜிபி அட்டை என்றால் எட்டு சிப்பே போதும், அங்கே சிப்புக்கு 2 ஜிகாபிட்தான் வருகிறது. லேபிளில் PC3L என்று இருந்தால் அது 1.35 வோல்ட் அட்டை, உங்கள் போர்டு கொடுக்கும் 1.5இலும் ஓடும். அதிலும் சிப்பை எண்ணித்தான் வாங்க வேண்டும்.

வாங்கிய அட்டை புது கணினியில் நன்றாகவே ஓடும். கழுவித் துடைக்கிறேன் என்று அழிரப்பரை எடுக்காமல் மாற்றிக் கேளுங்கள். இப்போதைக்குப் பழைய 2 ஜிபியிலேயே நிறுவலாம். நிறுவும்போது பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து பாட்டு போடாமல் இருந்தால் போதும்.

பென்குயின் பக்தர் | 15 நவம்பர், காலை 11.31

இது எனக்குப் புதுசு. ஆனா என் G31 போர்டுல எந்த ராம் போட்டாலும் எடுக்குதே.

ரிச்சி தெரு | 15 நவம்பர், காலை 11.34

G31 டிடிஆர்2 போர்டு பக்தரே. வேற ஊர், வேற பஸ்.

கணக்கு வாத்தியார் | 15 நவம்பர், பிற்பகல் 1.15

(பேரன்) பென் டிரைவ் ரெடி. `F12` அழுத்தினா லிஸ்ட்ல USB-HDD, USB-CDROM, USB-ZIP எல்லாம் வருது. USB-HDD குடுத்தா நேரா டிஸ்க்குக்குப் போயி சிஸ்டம் இல்லேங்குது.

ரிச்சி தெரு | 15 நவம்பர், பிற்பகல் 1.40

பழைய அவார்டு பயாஸின் குறும்பு. பென் டிரைவை ஒரு ஹார்ட் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். அதே பட்டியலில் Hard Disk என்று இருக்கும், அதில் என்டர் தட்டினால் உள்ளே இன்னொரு பட்டியல் விரியும். அதில் பென் டிரைவின் பெயர் இருக்கும். கணினியைப் போடுவதற்கு முன்பே பென் டிரைவ் சொருகியிருக்க வேண்டும், பிறகு சொருகினால் பட்டியலில் வராது.

மின்ட் மேசைக்கு வந்ததும் உடனே நிறுவ ஓடாமல் Disks செயலியில் எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். அதன் அளவைப் பார்த்தால் பென் டிரைவ் எது, எஸ்எஸ்டி எது என்பது குழம்பாது.

கணக்கு வாத்தியார் | 15 நவம்பர், இரவு 9.50

நிறுவியாயிற்று. பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினோம். பயாஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்தான். இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்து பார்த்தோம், மின்ட்தான் வருகிறது. வினாத்தாள் கோப்புறைகள் எல்லாம் அங்கிருந்தே தெரிகின்றன. திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பையாக இருக்கிறது, அதை நாளை பார்ப்போம். பேரன் கைப்பேசியை யுஎஸ்பியில் சொருகி அதிலிருந்து இணையம் கொடுக்கிறான். பிளக் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம்.

கணக்கு வாத்தியார் | 16 நவம்பர், ஞாயிறு, காலை 7.20

லினக்ஸைக் காணோம். காலையில் போட்டதும் விண்டோஸ் 7 வருகிறது.

பென்குயின் பக்தர் | 16 நவம்பர், காலை 7.42

லினக்ஸை எழுப்பற கிரப் போயிருக்கும் சார். விண்டோஸ் அதை அழிச்சிருக்கும், அதோட வழக்கமே அதுதான். பென் டிரைவ்ல பூட் பண்ணி பூட்-ரிப்பேர் ஓட்டுங்க, பரிந்துரைக்கிற ரிப்பேர்னு ஒரு பொத்தான் இருக்கும், தட்டினா சரியாயிடும்.

ரிச்சி தெரு | 16 நவம்பர், காலை 8.05

பூட்-ரிப்பேர் ஓட்ட வேண்டாம், தயவுசெய்து. இப்போது இரண்டு டிஸ்கும் மாட்டியிருக்கிறது. அது விண்டோஸ் டிஸ்கின் தலையிலும் கிரப்பை எழுதிவிட்டால், தனி டிஸ்கில் போட்டதன் பயனே போய்விடும். விண்டோஸ் இன்னொரு டிஸ்கில் இருக்கும் கிரப்பைத் தேடிப்போய் அழிப்பதில்லை.

சார், மூன்று கேள்வி. போட்டவுடன் கறுப்புத் திரையில் ஏதாவது எழுத்து வந்ததா? `F12` அழுத்தி எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் வருகிறதா? பயாஸில் தேதி என்ன?

கணக்கு வாத்தியார் | 16 நவம்பர், காலை 8.30

வந்த எழுத்து இது:

```
CMOS checksum error - Defaults loaded
Press F1 to continue, DEL to enter SETUP
```

இது நாலைந்து வருடமாகவே தினமும் காலையில் வரும். `F1` தட்டிவிட்டு உள்ளே போவது வழக்கம், சுப்ரபாதம் மாதிரி. பயாஸில் தேதி 2009 ஜனவரி 1. `F12` வழியாகப் போனால் மின்ட் வருகிறது.

ஆனால் ஒரு புதிர். பயாஸில் 2009 என்றால் மின்ட்டிலும் 2009 அல்லவா காட்ட வேண்டும்? நேற்று இரவு 9.56 என்று காட்டுகிறது. ஏறக்குறைய நாங்கள் அணைத்த நேரம்.

(பேரன்) இன்னொண்ணு. அப்டேட் குடுத்தா இப்படித் திட்டுது, ஆனா ஃபயர்ஃபாக்ஸ்ல எல்லா சைட்டும் வருது:

```
E: Release file for .../noble-updates/InRelease is not valid yet
```

பென்குயின் பக்தர் | 16 நவம்பர், காலை 8.41

அப்டேட்டுக்கு வழி இருக்கு தம்பி, தேதி சரிபார்க்கறதையே நிறுத்திடலாம்:

```
sudo apt -o Acquire::Check-Date=false update
```

ரிச்சி தெரு | 16 நவம்பர், காலை 9.25

அந்தக் கட்டளை வேலை செய்யும். ஆனால் காய்ச்சல்காரனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்குகிற வைத்தியம். நாலும் ஒரே நோய்: மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி செத்துவிட்டது.

பயாஸ் அமைப்புகளும் கடிகாரமும் அந்த பேட்டரியில் உயிர் வாழ்கின்றன. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வந்துகொண்டே இருக்கும். பேட்டரி செத்தது தெரியாது. அதனால்தான் சனிக்கிழமை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தும் மின்ட் வந்தது. ராத்திரி பிளக்கை அணைத்ததும் அந்த 5 வோல்ட் போனது, பயாஸ் எல்லாவற்றையும் மறந்து ஆலை அமைப்புக்குத் திரும்பியது. டிஸ்க் வரிசையும் அதோடு திரும்ப, பழைய டிஸ்க் முதலுக்கு வந்து விண்டோஸ் எழுந்தது. இதுவரை ஒரே டிஸ்க் இருந்ததால் வரிசை மாறினாலும் உங்களுக்கு உறைக்கவில்லை.

தேதிப் புதிர்: மின்ட்டில் systemd-timesyncd என்ற சேவை கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே இருக்கும். அடுத்த முறை எழும்போது கடிகாரம் அதற்கும் பின்னால் இருந்தால், இது தப்பு என்று குறித்துவைத்த நேரத்துக்கு முன்னே தள்ளிவிடும். கோப்பு இருக்கும் இடம் `/var/lib/systemd/timesync/clock`. 2009 வராமல் நேற்று இரவு வந்தது அதனால்தான்.

அப்டேட்டின் கோபமும் அதே. களஞ்சியத்தின் பட்டியலில் அது வெளியான நேரம் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக அவர்கள் புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள், உங்கள் கணினியோ இன்னும் நேற்று இரவில் இருக்கிறது. "இது இன்னும் வெளியாகவே இல்லையே" என்று ஆப்ட் மறுக்கிறது. தளங்களின் சான்றிதழ்கள் மாதக்கணக்கில் செல்லும், சில மணி நேரம் பிந்தினால் ஃபயர்ஃபாக்ஸுக்குக் கவலையில்லை. 2009 என்று இருந்திருந்தால் அதுவும் திறந்திருக்காது.

தம்பி கைப்பேசியைச் சொருகிய கையோடு அப்டேட் கொடுத்திருப்பான். கொஞ்சம் பொறுத்தால் இணையத்திலிருந்து நேரம் தானாகச் சரியாகும். `timedatectl` ஓட்டினால் "System clock synchronized: yes" என்று வர வேண்டும். வந்த பிறகு கொடு.

கணக்கு வாத்தியார் | 16 நவம்பர், காலை 9.40

yes வந்தது. அப்டேட் ஓடுகிறது. பேட்டரி எண் என்ன?

ரிச்சி தெரு | 16 நவம்பர், காலை 9.52

CR2032. மருந்துக் கடையில்கூடக் கிடைக்கும், குளுக்கோமீட்டருக்குப் போடுவார்கள். "2025தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டும் கனம்: 3.2 மில்லிமீட்டர், மற்றது 2.5. வோல்ட் ஒன்றாக இருந்தாலும் 2025 கிளிப்பில் ஆடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்ன உலோக நாக்கை அழுத்தினால் பழையது எகிறி வரும். கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி புதியதை வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7க்குக் கீழே போனது குப்பைக்கு. அதன் பிறகு பயாஸில் தேதி, டிஸ்க் வரிசை இரண்டையும் மறுபடி அமைத்துச் சேமிக்க வேண்டும். பேட்டரி போட்டதும் அவை தானாக வராது.

பென்குயின் பக்தர் | 16 நவம்பர், காலை 10.10

ஒத்துக்கறேன். ஆனா பிளக்கை அணைக்காம விட்டா பேட்டரியே தேவையில்லைன்னும் சொல்லலாம் இல்ல?

ரிச்சி தெரு | 16 நவம்பர், காலை 10.13

மின்வாரியத்திடம் எழுதி வாங்கி வாருங்கள்.

கணக்கு வாத்தியார் | 16 நவம்பர், மாலை 4.30

பழைய பேட்டரி 1.1 வோல்ட். மாற்றினோம். பிளக்கை அணைத்து ஒரு மணி நேரம் விட்டுப் போட்டோம். சுப்ரபாதம் வரவில்லை, மின்ட் வந்தது.

விண்டோஸ் எப்படி இருக்கிறது என்று `F12` வழியாகப் போய்ப் பார்த்தோம். கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் சரியாக ஐந்தரை மணி நேரம்.

பென்குயின் பக்தர் | 16 நவம்பர், மாலை 4.44

புது பேட்டரியும் டூப்ளிகேட்டா இருக்கும். கடையை மாத்துங்க.

ரிச்சி தெரு | 16 நவம்பர், மாலை 5.05

செத்த பேட்டரி கணக்காக ஐந்தரை மணி நேரம் பிந்தாது, இஷ்டத்துக்குப் போகும். ஐந்தரை என்பது கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி. போர்டின் கடிகாரத்தில் இருப்பது உலக நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் இணையத்தில் சரிபார்த்த நேரத்தை உலக நேரமாகப் போர்டில் எழுதிவைத்தது, விண்டோஸ் அதை அப்படியே படித்தது. விண்டோஸை எப்போதாவதுதான் தொடுவீர்கள் என்றால் விட்டுவிடலாம். உறுத்தினால் மின்ட்டில் இது:

```
timedatectl set-local-rtc 1
```

இப்படிச் செய்வது நல்லதில்லை என்று `timedatectl` எச்சரிக்கும். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றும் நாடுகளுக்குத்தான் அதில் தொல்லை. நமக்கு வருடம் முழுக்க ஒரே நேரம்.

பழைய டிஸ்கைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு முறையும் `F12` வேண்டாம் என்றால், `/etc/default/grub` கோப்பில் `GRUB_DISABLE_OS_PROBER=false` என்ற வரி இருக்கிறதா பார்த்து, இல்லாவிட்டால் சேர்த்து, `sudo update-grub` ஓட்டுங்கள். விண்டோஸ் பட்டியலில் வந்துவிடும்.

கணக்கு வாத்தியார் | 16 நவம்பர், இரவு 7.15

வந்தது. பேரன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். இனி நானே எழுதுவேன்.

வினாத்தாள்கள். லிபர் ஆஃபிஸில் திறந்தால் `jkpo;` என்று நிற்கிறது. அது "தமிழ்" என்று எனக்குத் தெரியும், மாணவனுக்குத் தெரியாது.

கொக்குவில் | 16 நவம்பர், இரவு 8.40

ஐயா, கோப்பு பழுதாகேல்லை. பாமினி எழுத்துரு புதுக் கணினியில இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் டிஸ்கில `Windows/Fonts` கோப்புறைக்குள்ள பாமினி இருக்கும். அதை உங்கட வீட்டுக் கோப்புறையில `.local/share/fonts` எண்டு ஒண்டு உண்டாக்கி அதுக்குள்ள போட்டு, `fc-cache -f` எண்டு அடிச்சுப்போட்டு லிபர் ஆஃபிஸை மூடித் திறவுங்கோ. பழையபடி தமிழ் தெரியும். எங்கட பக்கத்தில பழைய கோப்பெல்லாம் பாமினிதான், இப்பிடித்தான் திறக்கிறம்.

புதுசா எழுதுறதுக்கு பாமினி வேண்டாம், யூனிகோடுக்கு மாறுங்கோ. `ibus-m17n` போட்டா தமிழ் விசைப்பலகை கனக்க வரும். ரெங்கநாதன் எண்டு ஒண்டு இருக்கு, பாமினி அடிச்ச கைக்கு அது பழக்கமாத்தான் இருக்கும்.

பென்குயின் பக்தர் | 16 நவம்பர், இரவு 8.58

சார் தமிழ்நாட்டுக்காரர். தமிழ்99 கத்துக்கலாமே? 1999ல இருந்து அரசு ஏத்துக்கிட்டது அதான்.

கணக்கு வாத்தியார் | 16 நவம்பர், இரவு 9.30

எழுத்துரு வேலை செய்தது, வினாத்தாள்கள் தெரிகின்றன. நன்றி.

விசைப்பலகை பற்றி: தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் கற்ற விரல்கள் இவை. இந்த வயதில் தமிழ்99 என்னிடம் தோற்கும் அல்லது நான் அதனிடம் தோற்பேன். அந்தப் பட்டியலில் typewriter என்றும் ஒன்று இருக்கிறது, ரெங்கநாதனையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். கொம்பை முதலில் அடிப்பதா, மெய்யை முதலில் அடிப்பதா என்பதில் கை தடுமாறுகிறது.

கணக்கு வாத்தியார் | 19 நவம்பர், புதன், மாலை 5.10

ராம் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். பதினாறு சிப் கிடைக்கவில்லை. 2 ஜிபி ஒன்று, எட்டு சிப். பழையதோடு சேர்த்து 4. எழுந்தது.

பழைய வினாத்தாள்களை யூனிகோடாக மாற்ற இணையத்தில் ஒரு மாற்றியைப் பயன்படுத்திப் பார்த்தேன். வாக்கியங்கள் அழகாக மாறுகின்றன. ஆனால் `x + y = 12` என்பது "ஒ + ல = 12" என்று வந்திருக்கிறது. முப்பது வருடம் x-இன் மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னேன், அது ஒ என்று இப்போதுதான் தெரிந்தது.

கொக்குவில் | 19 நவம்பர், இரவு 7.50

பாமினியில x விசையில ஒ, y விசையில ல. மாற்றிக்கு எழுத்துரு தெரியாது, எழுத்துகள் மட்டுந்தான் போகுது. எது பாமினியில இருந்தது, எது டைம்ஸ் நியூ ரோமனில இருந்தது எண்ட செய்தி ஒட்டும்போதே போயிடும். கணக்குத் தாளுக்கு இது பெரிய கரைச்சல்தான். சமூகக்கல்வி வாத்தியார் எண்டா ஒரு பிரச்சனையும் இல்லை.

ரிச்சி தெரு | 19 நவம்பர், இரவு 9.10

வன்பொருள் ஆள் நான், ஆனாலும் ஒரு வழி. லிபர் ஆஃபிஸில் `Ctrl+H` திறந்தால் Other options என்பதற்குள் Format என்று ஒரு பொத்தான் இருக்கும். தேடும் பெட்டியில் நின்றுகொண்டு அதில் எழுத்துரு பாமினி என்று கொடுத்து, Find All தட்டினால் பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் மொத்தமாகத் தேர்வாகும். எவையெவை மாற்ற வேண்டியவை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவற்றை நகலெடுத்து மாற்றி அதே இடங்களில் திரும்ப ஒட்டுவது கையால் ஆகிற காரியமில்லை. ஒரு மேக்ரோ வேண்டும், எழுத்துருவைப் பார்த்துத் துண்டு துண்டாக மாற்றுகிற மாதிரி.

பென்குயின் பக்தர் | 19 நவம்பர், இரவு 9.32

பைத்தான்ல ஓப்பன்-தமிழ்னு ஒரு நூலகம் இருக்கு, பாமினியை யூனிகோடாக்கற நிரல் அதுலயே இருக்கு. கோப்பை .odt ஆ சேமிச்சா உள்ள வெறும் எக்ஸ்எம்எல்தான், அதுல ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டைல் பேர் இருக்கும். பாமினி ஸ்டைல் துண்டை மட்டும் அந்த நிரலுக்குக் குடுத்தா போதும்.

ரிச்சி தெரு | 19 நவம்பர், இரவு 9.36

பக்தர் இன்றைக்கு முழுசாகச் சரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: தாளில் சில இடங்களில் x-ஐ அவசரத்தில் பாமினியிலேயே விட்டுவிட்டு ஆங்கில எழுத்துரு மாற்றாமல் போயிருந்தால், அச்சில் அது ஒ என்றே வந்திருக்கும். அந்த இடங்களைக் கண்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் | 20 நவம்பர், வியாழன், காலை 6.40

அப்படி விட்டதில்லை. பிழை திருத்திய பிறகே அச்சுக்குப் போகும்.

பைத்தான் பேரனுக்குப் பள்ளியில் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்ததும் எழுதச் சொல்கிறேன். அதற்குள் யாரிடமாவது அந்த .odt முறையில் எழுதியது இருந்தால் இங்கே போடுங்கள். சமன்பாடுகளில் சில வேர்டின் பழைய ஈக்வேஷன் எடிட்டரில் செய்தவை, அவை .odt ஆகச் சேமித்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லலாம்.

அரசு லேப்டாப் | 20 நவம்பர், காலை 9.15

`lspci -nn` ஓட்டினேன், Broadcom BCM4313 னு வருது. தனி இழை போட்டேன், யாரும் பதில் சொல்லலை.